"வீடு உனக்குத்தானே தந்தது" என்கிறார்கள்

ஆரையம்பதிக்காரி:
எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. அக்காவுக்குச் சீதன வீடு கொடுத்த பிறகு மிஞ்சிய வளவும் வீடும் எனக்கு. அம்மா என்னோடு. அக்கா கொழும்பில், தம்பி கனடாவில். மருந்துக் காசு கேட்டால் இரண்டு பேரிடமும் ஒரே பதில்: "வீடு உனக்குத்தானே தந்தது."

போன மாதம் ஒரு ராத்திரி. இன்சுலின் போட்ட பிறகு அம்மா புட்டை இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. விடியப்புறம் சட்டையெல்லாம் வியர்த்து நனைந்து, கை நடுங்க, "நீ யாரு?" என்று என்னையே கேட்டா. சீனித் தண்ணி கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தா. தெளிந்ததும் முதல் கேள்வி: "தம்பி கோல் எடுத்தானா புள்ள?"

கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கல்முனைத் துறை:
சும்மா ஏன் அழுகிறீங்க? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கு. தம்பி மேல் நீங்கள் கேஸ் போடலாம்.

பழைய லிகிதர்:
துறை பாதிதான் சரி. சட்டம் இருக்கிறது, பராமரிப்புச் சபையும் இருக்கிறது. ஆனால் மாதப் பணம் கேட்கும் உரிமை அம்மாவுடையது. 'நான் பார்த்த செலவைத் தா' என்று சகோதரத்துக்குள் தீர்க்கும் இடம் அது இல்லை. கனடாவில் இருப்பவரிடம் கட்டளையைக் காட்டிக் காசு எடுப்பதும் லேசில்லை.

தங்கச்சி, முதலில் வீட்டு உறுதியை எடுத்து வாசியுங்கள். பெற்றார் சீவிய உரித்து வைத்து எழுதியிருந்தால், அம்மா இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை அவவுக்கே. பெயர் உங்களுடையது என்றாலும், இப்போதைக்கு விற்று ஆதாயம் காண்பது கஷ்டம். அப்படியென்றால் 'வீடு தந்தது' என்ற கதையைப் பாதியில் நிறுத்தலாம். அக்காவும் சீதனம் வாங்கியவதானே, அதையும் கேளுங்கள்.

இன்னொன்று: மயங்கிக் கிடக்கும்போது வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள், புரைக்கேறும். உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

கட்டார் மச்சான்:
வெளிநாட்டில் இருப்பவனை எல்லாரும் ஏசுறீங்க. நான் மாதம் தவறாமல் அனுப்புகிறேன். போன தடவை வந்தபோது அப்பாவுக்குப் புது ஃபேனும் வாங்கிக் கொடுத்தேன்.

திருக்கோவில் மூத்தவன்:
ஃபேன் அப்பாவைக் குளிப்பாட்டுமா மச்சான்? எங்கள் வீட்டில் அதை என் மனைவி செய்கிறா. தங்கச்சிமார் வந்தால், "அண்ணி, அப்பாவுக்கு நகம் வெட்டலையா?" என்று கேட்டுவிட்டு தேத்தண்ணி குடிக்கிறாளுகள்.

ஆரையம்பதிக்காரி:
லிகிதர் அண்ணன், உறுதியைப் பார்க்கிறேன். ஆனால் சபைக்கு அம்மா கையெழுத்து வைப்பாவா? தம்பியின் பெயரைக் கண்டால் பேப்பரைக் கிழித்துவிடுவா. காசைக்கூட விடுங்கள். ஒரு மாதம் அம்மாவை வைத்திருக்க அக்காவைக் கேட்டேன். மூன்றாம் மாடியாம், லிப்ட் இல்லையாம்.