புதுப்பிப்பு: பக்கவாட்டில் வந்த சாய்தளப் படம்

முன்பு கேட்டது: "மாணவர் அனுப்பின படம் பக்கவாட்டில் இருக்கு. சாய்தளக் கோணம் 30°-ஆ, 60°-ஆ?"

30° தான். மஞ்சக்குப்பம் ஆசிரியர் சொன்ன வழியில் செய்தேன்: எழுத்து வரி நேராக வரும்வரை சுழற்றி, mg அம்பு கடைசி வரிப் பக்கம் செங்குத்தாக இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கியது. சுழற்றும் முன் அடிக்கோடு செங்குத்தாக நின்றதால், திரையின் கிடைமட்டத்திலிருந்து அளந்தவர்களுக்கு 60° வந்தது. கோண வளைவு அடிக்கோட்டைத்தான் தொடுகிறது. g-ஐ 10 என்று எடுத்தால், 2 கிலோ பெட்டிக்குச் சரிவு விசை 10 நியூட்டன்; 60° என்றால் 17.3 ஆகிவிடும்.

"சுழற்றினா எதுவும் மாறாது" என்றார் முத்தியால்பேட்டை நண்பர். பாதி சரி. கோணம், நீளம், கடிகாரத் திசை மாறாது. மேல் கீழ், இடம் வலம் மாறும். கேலரியில் 'சுழற்று' என்பதற்குப் பதில் 'புரட்டு' அழுத்தினால் கண்ணாடி பிம்பம். கடிகாரத் திசையும் தலைகீழ். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

எழுத்தே இல்லாமல் வெட்டிய படத்தில் 66-ஆ, 99-ஆ என்று நெல்லிக்குப்பத்து அக்கா கேட்டிருந்தார். அக்கா, முழுப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்க. அதுவரை சொல்ல முடியாது.