பொருள்: ‘எம்பிரிக்கல் ட்ரீட்மென்ட்’ – அனுபவச் சிகிச்சை என்று எழுதலாமா?

மாலதி எழுதியது:

வணக்கம். நோயாளியின் வீட்டார் படிப்பதற்கான சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஹெர்ப்ஸ் சிம்ப்ளெக்ஸ் மூளையழற்சி பற்றியது. பரிசோதனை முடிவு கைக்கு வருமுன்பே அசைக்ளோவிர் தொடங்குவதை ‘எம்பிரிக்கல்’ என்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் அனுபவமுறை, பட்டறிவு சார்ந்த என்று வருகிறது. “உங்கள் வீட்டுக்காரருக்கு அனுபவச் சிகிச்சை தொடங்கியிருக்கிறோம்” என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். இவரை வைத்துப் பழகுகிறார்களா என்றுதான் கேட்பார். ‘முன்சிகிச்சை’ எப்படி இருக்கும்?

சண்முகம் எழுதியது:

அம்மா, முன்சிகிச்சை என்றால் நோய் வருமுன் கொடுப்பது என்றாகிவிடும், தடுப்பூசி மாதிரி. நோய் இன்னது என்று ஊகித்துக் கொடுப்பதால் ‘ஊகச் சிகிச்சை’ போதும். அப்படியே நோயின் பெயரையும் ‘அக்கி மூளையழற்சி’ என்று ஆக்கிவிட்டால் ஹெர்ப்ஸ் என்ற சொல்லே தேவையில்லை.

இளங்கோ எழுதியது (நரம்பியல் மருத்துவர்):

ஐயா, அக்கி வேண்டாம். நம் ஊரில் அக்கி என்பது முதுகிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகப் பட்டைபோல் கொப்புளிப்பது. அது சின்னம்மை வைரஸின் வேலை. மூளையழற்சியில் நாம் பேசுவது பெரும்பாலும் உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் முதல் வகை ஹெர்ப்ஸ் சிம்ப்ளெக்ஸ். ஒரே குடும்பம், வேறு ஆள்.

ஊகம் என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல, அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். 46 வயது, மளிகைக்கடை வைத்திருப்பவர், எடை 60 கிலோ. இரண்டு நாள் காய்ச்சல், தலைவலி. மூன்றாம் நாள் மகனைத் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். ராத்திரி வலது வாயோரம் இழுத்து வலிப்பு. எங்களிடம் வந்தபோது மணி பதினொன்று.

சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை. அது நிம்மதி தரும் செய்தி அல்ல, முதல் சில நாட்களில் சிடி பல சமயம் அப்படித்தான் இருக்கும். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தோம். வெள்ளணு 85, பெரும்பாலும் லிம்போசைட். புரதம் 78, கொஞ்சம் கூடுதல். சர்க்கரை 68, ரத்தத்தில் 110 இருந்ததால் இது இயல்பான அளவு. கொஞ்சம் சிவப்பணுவும் இருந்தது. இந்த நோயில் மூளைத் திசு கருகி ரத்தம் கசியும் என்பதால் அது பொருந்தியது, ஆனால் ஊசி குத்தியதிலும் சிவப்பணு வரலாம். சர்க்கரை தரைமட்டமாக இருந்திருந்தால் காசநோய் பக்கம் முதலில் திரும்பியிருப்பேன்.

பிசிஆர் முடிவு வர இரண்டு நாள். அசைக்ளோவிர் இல்லாமல் விட்டால் இந்த நோயில் பத்துப் பேரில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பழைய மருந்தான விடராபின் பெற்றவர்களில் 54 சதவீதம் இறந்தார்கள், அசைக்ளோவிர் பெற்றவர்களில் 28. மயக்க நிலைக்குப் போனபின் தொடங்கினால் பலன் குறைவு. மறுபக்கம், மருந்தைத் தேவையில்லாமல் இரண்டு நாள் கொடுத்தால் பெரிய நட்டம் இல்லை. வைரஸின் சொந்த நொதிதான் அதை முதலில் தூண்டிவிட வேண்டும், அதனால் நல்ல செல்களை அது அதிகம் தொடுவதில்லை. இந்தக் கணக்கு தெரிந்துதான் அன்று இரவே 600 மில்லிகிராம் ஏற்றினோம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இதை ஊகம் என்பீர்களா?

ரவி எழுதியது:

ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சந்தேகம். மருந்து உள்ளே போனபின் மாதிரி எடுத்தால் பிசிஆர் கெட்டுப்போகாதா? ஆன்டிபயாட்டிக் கொடுத்தபின் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் நாங்கள் படும் பாடு தெரியுமே. அதனால் ‘மாதிரிக்குப்பின் சிகிச்சை’ என்றுதான் இருக்க வேண்டும்.

இளங்கோ எழுதியது:

கல்ச்சருக்கு நீங்கள் சொல்வது சரி. பிசிஆர் தேடுவது உயிருள்ள வைரஸை அல்ல, அதன் டிஎன்ஏவை. மருந்து தொடங்கி ஒரு வாரம் வரைக்கும்கூடப் பெரும்பாலும் அது கிடைக்கும். ஆகவே மூளை அழுத்தம் கூடியிருக்கும் என்ற பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட நேர்ந்தாலும் மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால் இவருக்கு முதல் பிசிஆர் நெகடிவ். முதல் மூன்று நாளுக்குள் எடுத்தால் அப்படி ஆவதுண்டு. ஆனால் மறுநாள் எடுத்த எம்ஆர்ஐயில் இடது நெற்றிப்பொட்டு மடலின் உட்பகுதி பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளை இன்சுலாவுக்குப் பரவி, உள்ளே இருக்கும் அடிக்கருக்களின் விளிம்பில் கோடு போட்டதுபோல் நின்றது. வலதிலும் லேசாகத் தொடக்கம். பக்கவாதம் ரத்தக்குழாயின் எல்லைப்படி போகும், இது அப்படிப் போகவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றால் தலாமஸைத்தான் முதலில் பார்ப்பேன். நிறுத்தவில்லை. ஆறாம் நாள் மறுபடி நீர் எடுத்தோம், பாசிட்டிவ். மொத்தம் 21 நாள் கொடுத்தோம்.

தேவகி எழுதியது:

மன்னிக்கவும், அக்கி என்றதும் பதறிவிட்டது. அம்மாவுக்குப் போன மாதம் இடுப்பில் அக்கி. ஊரில் குயவர் வீட்டில் காவி எழுதினார்கள், ஆறிவிட்டது. அது தலைக்கு ஏறுமா?

இளங்கோ எழுதியது:

அம்மா, ஆறியது நல்லது. அது வேறு வைரஸ் என்று மேலே சொன்னேன். மூளைக்கு அது போவது அரிது. காய்ச்சலோடு குழப்பமோ வலிப்போ வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். பார்த்தீர்களா சண்முகம் ஐயா, ஒரு பெயர் என்ன செய்கிறது என்று!

பாத்திமா எழுதியது (செவிலியர்):

சொல் எதுவானாலும் அது மருந்தை ‘அவசரமாக’ ஏற்றச் சொல்வதாக இருக்கக் கூடாது. எங்கள் வார்டில் ஒருமுறை அவசரம் அவசரம் என்று பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள். நான்காம் நாள் கிரியாட்டினின் 0.9இலிருந்து 1.8. மருந்து சிறுநீரகக் குழாயில் படிகமாகப் படிந்துவிட்டது. ஒரு மணி நேரமாக ஏற்ற வேண்டும், சலைனும் ஓட வேண்டும். தொடங்குவதில்தான் அவசரம், ஏற்றுவதில் இல்லை. நோய் வேறு என்று தெரிந்தால் நிறுத்திவிடுவோம் என்பதும் அந்தச் சொல்லில் தெரிந்தால் நல்லது.

சண்முகம் எழுதியது:

அக்கியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஊகத்தையும். ‘காத்திராச் சிகிச்சை’ என்று வைத்துப் பாருங்கள். செல்லாக்காசு, வாடாமலர் போல எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் இடிக்கவில்லை. எதற்குக் காத்திருக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். முடிவுக்கு என்று பதில் சொல்லிவிடலாம்.

ரவி எழுதியது:

காதில் ‘காத்திரமான சிகிச்சை’ என்று விழுகிறதே.

மாலதி எழுதியது:

விழுகிறதுதான். பாத்திமா கேட்ட ‘நிறுத்திவிடுவோம்’ என்பதும் அதில் வரவில்லை. கையேட்டில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “நோய் உறுதியாகும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குகிறோம். வேறு நோய் என்று தெளிவானால் நிறுத்திவிடுவோம். ஒருமுறை நெகடிவ் வந்தது என்பதற்காக மட்டும் நிறுத்த மாட்டோம்.” மூன்றாவது வாக்கியம் வீட்டாரைக் குழப்புமா டாக்டர்?

இளங்கோ எழுதியது:

குழப்பாது, விட்டுவிடாதீர்கள். நெகடிவ் என்றதும் “அப்புறம் ஏன் இன்னும் ஊசி?” என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். அவர் இப்போது கடைக்குப் போகிறார். பழைய கடன்காரர்கள் எல்லாரையும் நினைவிருக்கிறது, காலையில் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பதுதான் நிற்பதில்லை. மனைவி நோட்டில் எழுதிவைக்கிறார்.

சண்முகம் எழுதியது:

‘தொடங்குகிறோம்’ என்பது ‘தொடங்கியிருக்கிறோம்’ என்று இருக்கட்டும். அவர்கள் இதைப் படிக்கும்போது ஊசி ஏறிக்கொண்டிருக்கும் அல்லவா?