போன் விற்பனை: வரவேற்பைத் தாண்டவே முடியவில்லை, உதவுங்கள்

கொங்குத்தம்பி
அவசரம். விற்பனைக்காக நாள் முழுவதும் போன் செய்கிறேன். "சார் மீட்டிங்கில் இருக்கிறார்", "மெயில் அனுப்புங்கள்" என்று வரவேற்பிலேயே முடிந்துவிடுகிறது. தப்பித்தவறி மேலாளர் கிடைத்தாலும், நான் பேசி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறார். நல்ல தொடக்க வரிகள் தெரிந்தால் அனுப்புங்கள். மாதக் கடைசிக்குள் ஏதாவது காட்ட வேண்டும்.

ஈரோடு மதி
என்ன விற்கிறீர்கள்? யாருக்கு? எந்த நேரத்தில் அழைக்கிறீர்கள்? இப்போது சொல்கிற முதல் இரண்டு மூன்று வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள்.

பழைய கை
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. தம்பி, தொடக்க வரி என்பது மந்திரம் அல்ல. குரலில் உறுதி வேண்டும். "எம்.டி.யைக் கொடுங்கள்" என்று அதிகாரமாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் கைபேசியே இல்லாத காலத்தில் இப்படித்தான் விற்றோம்.

கார்டு பிரிவு
நானும் இதே வேலைதான். கிரெடிட் கார்டுக்கு அழைக்கிறேன். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. "வாழ்த்துகள் சார், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்" என்று தொடங்கிப் பாருங்கள்.

ஈரோடு மதி
அவருடைய சிக்கல் வரவேற்பு மேசை. நீங்கள் வீட்டில் இருப்பவரின் கைபேசிக்கு அழைக்கிறீர்கள். இரண்டும் வேறு வேலை.

கொங்குத்தம்பி
மன்னிக்கவும். அட்டைப்பெட்டி. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு. காலை 10 மணியிலிருந்து மாலை வரை, சனிக்கிழமையும் உண்டு. நான் சொல்வது: "வணக்கம் சார், குட் மார்னிங். நான் இன்ன நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் பொன்னான நேரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா? நாங்கள் 15 ஆண்டுகளாக 3 பிளை, 5 பிளை, 7 பிளை என எல்லா வகையான பெட்டிகளையும் தரமாகவும் குறைந்த விலையிலும் செய்து தருகிறோம்…" அலுவலகத்தில் கொடுத்த தாள் இது.

முன்மேசை
நான் ஒரு பனியன் நிறுவனத்தில் வரவேற்பில் இருக்கிறேன். உங்களைப் போன்றவர்களின் அழைப்பை எடுப்பது என் வேலை, அதனால் சொல்கிறேன். "எப்படி இருக்கிறீர்கள்" என்றதுமே விற்பனை அழைப்பு என்று தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவர் நலம் விசாரிக்க மாட்டார். தாளைப் பார்த்துப் படிப்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே ராகத்தில் மேலே தூக்கி முடிப்பார்கள், அதுவும் காதில் விழும். இன்னொன்று: எம்.டி.யைக் கேட்கிறவரை உள்ளே விட்டால் திட்டு எனக்குத்தான். ஆனால் "பெட்டி வாங்குவதை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அது ரகசியம் இல்லை. சனிக்கிழமை சம்பள நாள், மதியத்துக்கு மேல் தயவுசெய்து அழைக்காதீர்கள்.

பழைய கை
மேடம், நலம் விசாரிப்பது நம் பண்பாடு. அதையும் விட்டுவிட்டால் இயந்திரம் பேசுவதுபோல் ஆகிவிடும்.

முன்மேசை
பண்பாட்டை நான் குறை சொல்லவில்லை ஐயா. பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போகிறார்களே, அது விசாரிப்பு ஆகுமா?

ஈரோடு மதி
மேடம் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. தம்பி, உங்கள் தாளை நிதானமாகப் படித்து நேரம் பாருங்கள். "பிளை" வருவதற்குள்ளேயே 15 விநாடி போய்விடும். எதிரில் இருப்பவருக்கு அதுவரை தெரிந்தது, யாரோ எதையோ விற்க வருகிறார் என்பது மட்டும்தான்.

வரவேற்பில் இப்படிக் கேளுங்கள்: "வணக்கம்மா. உங்கள் நிறுவனத்தில் ஏற்றுமதிப் பெட்டி வாங்குவதை பர்ச்சேஸில் பார்க்கிறார்களா, பேக்கிங்கிலா?" இரண்டில் ஒன்றைச் சொல்வது அவருக்கு எளிது. "என்ன விஷயம்?" என்றால் ஒளிக்க வேண்டாம்: "பெட்டி செய்கிறோம். அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்." பல இடங்களில் முதலாளி பெட்டியைப் பார்ப்பதே இல்லை. பேக்கிங் மேலாளர்தான் அளவு சொல்வார், பிய்ந்து போனால் திட்டும் வாங்குவார்.

"மெயில் அனுப்புங்கள்" என்றாலும் கதவு மூடிவிடவில்லை. "சரிம்மா, யார் பெயருக்கு அனுப்பட்டும்? அவர் எந்த நேரத்தில் இருக்கையில் இருப்பார்?" என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் மெயிலை அன்றே அனுப்பிவிட்டு மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். அனுப்பாமல் அனுப்பியதாகச் சொன்னால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மேலாளர் வந்ததும்: "வணக்கம் சார், நான் (பெயர்), பெட்டி செய்கிற இடத்திலிருந்து. நாம் இதற்கு முன் பேசியதில்லை. ஒரே ஒரு கேள்வி, இப்போது கேட்கலாமா?" அதோடு நிறுத்துங்கள். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்வதுதான் கடினம், பலர் பயந்துபோய் விலையைச் சொல்லிவிடுவார்கள். "கேளுங்கள்" என்றால்: "தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் அடிவரிசைப் பெட்டி அமுங்கிவிடுகிறது என்று யாராவது புகார் சொல்லியிருக்கிறார்களா?" ஈரத்தில் அட்டையின் பலம் குறையும். மழைக்காலத்தில் இது அவர் நேரில் பார்க்கிற தொல்லை. "இல்லை" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். "போன மாதம் ஒரு லோடில்…" என்று ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நூல்கண்டு
இதெல்லாம் எதற்கு? "சார் காலையில் என்னை அழைத்திருந்தார், திரும்ப அழைக்கிறேன்" என்று சொல்லுங்கள். உடனே இணைத்துவிடுவார்கள். நான் இப்படித்தான் செய்கிறேன்.

முன்மேசை
இணைப்போம். சார் "நான் யாரையும் அழைக்கவில்லையே" என்றதும் அந்த நிறுவனத்தின் பெயரைக் குறித்து வைப்போம். அதன் பிறகு உங்கள் பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் இல்லை.

நூல்கண்டு
ஊரில் நிறுவனங்களுக்கா பஞ்சம்? ஒன்று போனால் இன்னொன்று.

ஈரோடு மதி
திருப்பூரில் பேக்கிங் ஆட்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். கெட்ட பெயரும் கூடவே போகும்.

கோவை ரவி
எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். எந்த எண்ணிலிருந்து அழைக்கிறீர்கள்? சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வணிக அழைப்பே செய்யக் கூடாது, 140 என்று தொடங்கும் எண் வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. எதிராளி தொந்தரவு வேண்டாம் பட்டியலில் இல்லாவிட்டால் மட்டும் பரவாயில்லை.

ஈரோடு மதி
முதல் பாதி சரி, கடைசி வரி தவறு. பதிவு செய்யாத எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு போனால், பட்டியலில் இல்லாதவரும் 1909-க்குப் புகார் செய்யலாம். 2024 ஆகஸ்டில் டிராய், அப்படி அழைப்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஒரே எண்ணிலிருந்து நாள் முழுவதும் அழைத்தால், அழைப்பவர் பெயர் காட்டும் செயலிகளிலும் "ஸ்பாம்" என்று சிவப்பாக வந்துவிடும். அதன் பிறகு முதல் 15 விநாடியே கிடைக்காது. தம்பி, நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கோவை ரவி
ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் லேண்ட்லைனுக்கு அழைப்பதற்குமா இது? எனக்கு ஒப்புதல் இல்லை.

பழைய கை
எத்தனையோ பேர் அழைக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஈரோடு மதி
ஆகும்வரை அப்படித்தான் தெரியும்.

கொங்குத்தம்பி
எல்லோருக்கும் நன்றி. "பர்ச்சேஸா, பேக்கிங்கா" என்று கேட்டுப் பார்த்தேன். பாதி இடங்களில் பெயர் சொல்லிவிட்டார்கள். ஒரு பேக்கிங் மேலாளர் 7 பிளையில் மாதிரிப் பெட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், புதன்கிழமை போகிறேன். கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவது இன்னும் வரவில்லை, வாய் தானாக விலைக்குப் போய்விடுகிறது. எண் பதிவு பற்றிக் கேட்டதற்கு மேலாளர் "பார்க்கலாம்" என்றார்.

முன்மேசை
போகும்போது வரவேற்பில் இருப்பவரிடமும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை அழைப்பை எடுப்பது அவர்தான்.

ஈரோடு மதி
மாதிரிக்கு என்ன அளவு, உள்ளே எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டீர்களா? அது தெரியாமல் 7 பிளை கொண்டுபோனால், 5 பிளையே போதும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நூல்கண்டு
வரவேற்பே இல்லாமல் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று பதிவுக்குரல் வருகிற இடங்களில் என்ன செய்கிறீர்கள்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.