டிபன் கடைப் பட்டியலில் லாபம் 75 சதவீதம் காட்டுகிறது, கையில் பணம் இல்லை: உதவி

புதுக்கடை: காலை டிபன் மட்டும் போடுகிறேன். பொருள், அளவு, அடக்கவிலை, விற்பனை விலை, லாபம் என்று A முதல் E வரை அட்டவணை போட்டேன். சராசரி லாபம் 75% வருகிறது, 6,000 ரூபாய்க்கு விற்றால் 4,500 நிற்க வேண்டும் அல்லவா? பொருளும் கேஸும் போக 1,900தான் நிற்கிறது. வாடகை, கூலி இன்னும் கொடுக்கவில்லை. எங்கே தப்பு?

மெஸ்_ராணி: விலையை ஏத்துங்க தம்பி. நான் பொங்கலுக்கு 5 ரூபாய் ஏத்தினேன், ஒருத்தரும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை: அவர் கேட்டது அதுவா? தம்பி, சூத்திரத்தைப் போடாமல் எங்கே தப்பு என்றால் யார் சொல்வது? கடை திறப்பதற்கு முன்னாலேயே இதைப் படித்திருக்க வேண்டும்.

செல்_செல்வம்: செல்லை சதவீதமாக மாற்றிவிட்டு 100-ஆலும் பெருக்கியிருப்பீர்கள்.

புதுக்கடை: இல்லை அண்ணே, பெருக்கவில்லை. இட்லி 2: 12/20, பொங்கல்: 25/40, வடை: 5/10. இதுதான் சூத்திரம்:

```
=(D2-C2)/C2
```

அடுப்படி: வடைக்கு 100% காட்டியதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். விற்ற காசில் 100% லாபம் என்றால் வடை இலவசமாக வந்ததாக அர்த்தம். நீங்கள் அடக்கத்தால் வகுத்துவிட்டு, அந்த சதவீதத்தை விற்பனையில் போட்டுப் பார்க்கிறீர்கள். `=(D2-C2)/D2` என்று மாற்றுங்கள், இட்லி 40, பொங்கல் 37.5, வடை 50 வரும். அப்புறம், மூன்றையும் சும்மா சராசரி எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு எது எத்தனை போகிறது?

புதுக்கடை: இட்லி 150 பிளேட், பொங்கல் 50, வடை 100.

அடுப்படி: அப்படியானால் லாபம் 1,200 + 750 + 500, மொத்தம் 2,450. உங்கள் 1,900-க்கு இன்னும் 550 குறைகிறது. சாம்பாருக்கு எவ்வளவு வைத்தீர்கள்?

புதுக்கடை: சட்னியும் சேர்த்து பிளேட்டுக்கு 3 ரூபாய், ஒரு கரண்டி கணக்கில்.

அடுப்படி: யார் ஒரு கரண்டியோடு எழுந்திருக்கிறார்கள்? கரண்டியை எண்ணாமல், காலையில் சாம்பாருக்கும் சட்னிக்கும் ஆன மொத்தச் செலவை இட்லி, பொங்கல் 200 பிளேட்டால் வகுங்கள்.

மெஸ்_ராணி: இரண்டாம் தடவை சாம்பாருக்குக் காசு வாங்கிவிடலாம்.

கணக்குப்பிள்ளை: சாம்பாருக்குக் காசு கேட்டால் அடுத்த நாள் யாரும் வரமாட்டார்கள்.

மெஸ்_ராணி: என் கடையில் பார்சலுக்கு வாங்குகிறேன், வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை: பார்சல் வேறு, உட்கார்ந்து சாப்பிடுவது வேறு அம்மா.

புதுக்கடை: மொத்தம் 900 ஆகிறது, அப்போது பிளேட்டுக்கு 4.50. இட்லி அடக்கம் 13.50, லாபம் 32.5% ஆகிவிட்டது. ஆக 300 கிடைத்தது, இன்னும் 250 எங்கே என்று தெரியவில்லை.

அடுப்படி: மிஞ்சிய மாவும், வேலையாள் சாப்பிடுவதும் எழுதுகிறீர்களா? ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

புதுக்கடை: இல்லை அண்ணே. நாளையிலிருந்து எழுதுகிறேன், நன்றி.