அப்புத்தளைத் தாத்தா வீட்டுக் குழு: நாளைக்குத் திதி

அத்தை: கோத்தகிரித் தம்பி எங்கே? ரயில் அப்புத்தளையைத் தாண்டிப் போய் ஒரு மணி நேரமாகிறது.

தம்பி: தூங்கிவிட்டேன் அத்தை. பண்டாரவளையில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு இப்போது பஸ்ஸில் வருகிறேன்.

அத்தை: கடையிலா? நாளைக்குத் திதி கொடுக்கிறவன் நீ!

தம்பி: மரக்கறிச் சோறுதான். சுவரில் எல்லாம் சிங்களம், ஒரு படம்கூட இல்லை. 4 வரி, நான்கும் ஒரே சொல்லில் முடிந்தன. அதுதான் சோறு என்று பிடித்தேன். விலை 300, 350, 400, 500. மலிவானது மரக்கறியாகத்தானே இருக்கும்? விரலை வைத்துக் காட்டினேன்.

பெரியப்பா: சரியாகப் பிடித்திருக்கிறாய். எலவலு பத், பித்தர பத், மாலு பத், குகுல் மஸ் பத் என்று இருந்திருக்கும். மரக்கறி, முட்டை, மீன், கோழி. சிங்கள எழுத்தும் நம் எழுத்தும் பிராமியிலிருந்து வந்தவை. ஆகவே உற்றுப் பார்த்தால் நமக்கே வாசிக்க வரும்.

சுதா: ஆயுசு முழுக்க இங்கேதான் இருக்கிறீர்கள். பஸ் போர்டை என்னிடம்தானே கேட்கிறீர்கள்?

தம்பி: ஆனாலும் ஏமாற்றிவிட்டார்கள். தட்டில் கறுத்த இறைச்சித் துண்டு, நார் நாராக. அதை ஒதுக்கிவிட்டுப் பருப்பும் தேங்காய்ச் சம்பலும்தான் சாப்பிட்டேன். சம்பல் இரண்டு தரம்.

சுதா: சம்பலில் மரத்தூள் மாதிரி ஏதாவது கடிபட்டதா?

தம்பி: ஆமாம். வறுத்த பருப்பு என்று நினைத்தேன்.

சுதா: மாசி.

தம்பி: இது கார்த்திகை அக்கா.

சுதா: மாசிக் கருவாடு! சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டை மாதிரி காயவைப்பார்கள். இடித்துச் சம்பலில் போடுவார்கள், சில கடையில் பருப்பிலும். மரக்கறிச் சோறு என்றாலும் அது வரும். "உம்பலகட நெத்துவ" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். நீ ஒதுக்கியது பொலொஸ்.

தம்பி: அது என்ன ஆடு?

சுதா: பிஞ்சுப் பலாக்காய் 😂

சின்னம்மா: இந்தியாவுக்குப் போனதும் பலாக்காயே மறந்துபோச்சு.

தம்பி: ஆசைப்பட்டா போனோம் சின்னம்மா? 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான் கிடைத்தது.

பெரியப்பா: திதிக்கு முதல் நாள் அந்தப் பேச்சு வேண்டாம்.

சின்னம்மா: பேசவில்லையே. நானும் ஒரு வெள்ளிக்கிழமை பேக்கரியில் மாலு பாணைக் கடித்துவிட்டுத் துப்பினேன்.

சுதா: முக்கோணமாக இருந்தால் மீன் சின்னம்மா. நீளமாகச் சீனி ஒட்டியிருந்தால் கிம்புலா பனிஸ், பயமில்லை.

அத்தை: பனிஸ் கிடக்கட்டும். திதியை யார் கொடுப்பது?

பெரியப்பா: தெரியாமல் சாப்பிட்டதுதானே. குளித்தால் போதும்.

அத்தை: ஐயர் சொல்லட்டும். போன் எடுக்கவில்லை.

தம்பி: பஸ் நிற்கிறது. கண்டக்டர் ஏதோ கத்துகிறார். இறங்கட்டுமா?

அத்தை: என்ன கத்துகிறார்?

தம்பி: தியதலாவ மாதிரி கேட்டது.

அத்தை: இறங்காதே!