வலங்கைமான் குடும்பம்

மணி: சாரதா ரிப்போர்ட் வந்துடுச்சு. டிஎஸ்ஹெச் 6.2. பக்கத்துல 0.4 – 4.2னு போட்டிருக்கு. திவ்யா வளைகாப்புக்கு வர முடியுமான்னு தெரியல.

கௌரி: நம்ம வீட்டு விசேஷம்னாலே உங்களுக்கு ஏதாவது வந்துடும்.

பாலு: தைராய்டு கம்மி. 50 எம்சிஜி மாத்திரை ஒண்ணு, காலைல வெறும் வயித்துல. என்கிட்ட மீதி இருக்கு, அனுப்பவா?

ரேவதி: அனுப்பாதீங்க மாமா. சித்தப்பா, எஃப்டி4 எவ்வளவு?

மணி: 1.1. பக்கத்துல 0.8 – 1.8.

ரேவதி: அப்போ பயப்பட வேண்டாம். டிஎஸ்ஹெச்ங்கறது தைராய்டு சுரக்கிறது இல்ல. "இன்னும் கொஞ்சம் சுர"ன்னு மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி போடுற உத்தரவு. தைராய்டு சுரக்கிறதுதான் எஃப்டி4. உத்தரவு கொஞ்சம் பலமா போகுது, ஆனா சரக்கு சரியா வருது. மாமா சொன்ன திசை சரிதான், ஆனா 10க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் உடனே மாத்திரை ஆரம்பிக்க மாட்டாங்க, திரும்ப எடுத்துப் பார்ப்பாங்க.

மணி: 4.2க்கு மேல போனாலே வியாதி இல்லையா?

ரேவதி: இல்ல சித்தப்பா. நல்லா இருக்கிறவங்க நிறைய பேர்கிட்ட ரத்தம் எடுத்து, மேல ரெண்டரை, கீழ ரெண்டரை சதவீதத்தை வெட்டிட்டு நடுவுல இருக்கிறதைத்தான் போடுறாங்க. அதனால நல்லா இருக்கிற 100 பேர்ல 5 பேர் வெளியதான் நிப்பாங்க. வயசானா இது கொஞ்சம் ஏறவும் செய்யும். அதுவும் சித்தி காய்ச்சல்ல ஆஸ்பத்திரில இருந்து வந்து மூணு வாரம்தானே ஆகுது? உடம்பு தேறும்போது டிஎஸ்ஹெச் தற்காலிகமா ஏறும்.

திவ்யா: அக்கா எனக்கு 4.1. உள்ளதான இருக்கு?

ரேவதி: உனக்கு இந்தக் கணக்கு இல்லம்மா. கர்ப்பத்துக்கு அளவு வேற. இன்னைக்கே உன் டாக்டருக்குப் போன் பண்ணு.

கௌரி: முறுக்கு யார் சுத்தறீங்க? 101 வேணும்.

பாலு: மாத்திரை போட்டுப் பார்த்தா என்ன தப்பு?

ரேவதி: போட்டா டிஎஸ்ஹெச் இறங்கும். தானா இறங்கிச்சா, மாத்திரையாலயான்னு அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. 2, 3 மாசம் கழிச்சு, அதே லேப்ல, காலைல அதே நேரத்துக்கு எடுக்கணும். இது ராத்திரில ஏறி மதியம் இறங்குற சாமான். கூட டிபிஓ ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லலாம். அது இருந்தா பின்னாடி தைராய்டு குறைய வாய்ப்பு அதிகம்.

சாரதா: ரேவதி, முடி கொட்டுதுன்னு ஒரு மாத்திரை சாப்பிடறேன். பரவாயில்லையா?

ரேவதி: பயோட்டினா சித்தி? அதுல எத்தனை மில்லிகிராம்?

சாரதா: தெரியல. ஏன்?

ரேவதி: அளவு அதிகமா இருந்தா சில மெஷின்ல டிஎஸ்ஹெச்சை நிஜத்தை விடக் குறைச்சுக் காட்டும், எஃப்டி4ஐக் கூட்டிக் காட்டும். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணும்.

மணி: அப்போ 6.2யே நிஜம் இல்லையா?

ரேவதி: அட்டையைப் பார்க்காம சொல்ல முடியாது. திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போகும்போது அதையும் எடுத்துட்டுப் போங்க. சீக்கிரமே திரும்ப எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க.

சாரதா: அட்டையைத் தூக்கிப் போட்டுட்டேன்டி. பேரு நெளிநெளியா எழுதியிருக்கும், பச்சைக் கலர்.

கௌரி: முறுக்கு?