புதுப்பிப்பு: ரிப்பீட் ஆர்டருக்கு லேபர் எவ்வளவு போடுவது?

நான் கேட்டது: "10 கண்ட்ரோல் பேனல் வயரிங் முடித்தோம், சராசரி 20 மணி நேரம். அதே பார்ட்டி இன்னும் 10 கேட்கிறார், லேபர் எவ்வளவு போட?"

ஒருவர் 20% குறைத்து 16 என்றார். பாதி சரி. ஜாப் கார்டில் முதல் ஐந்தின் சராசரி 25, பத்துக்கு 20, அதாவது எண்ணிக்கை இரட்டிக்கும்போது சராசரி 80% ஆகிறது. அப்படியே போனால் 20 பேனலுக்கு மொத்தச் சராசரிதான் 16. மொத்தம் 320 மணி, அதில் பழைய 200 போனால் மிச்சம் 120, புதுசு ஒன்றுக்கு 12.

சிஎன்சி வைத்திருப்பவர் தனக்கு இப்படிக் குறைவதில்லை என்றார். சரிதான், மெஷின் ஓடும் நேரம் பழகாதே. நமக்கும் காப்பர், பிரேக்கர் விலை இறங்காது.

14 போட்டிருக்கிறேன். பழைய வயர்மேன் இருவரில் ஒருவர் இப்போது இல்லை. புது ஆளுக்கு எவ்வளவு ஏற்றுவது?